மூன்றில் இரண்டு என்ற கணக்கு: கேப் தேற்றம் உண்மையில் என்ன சொல்கிறது?

ஒரே தரவின் நகல்களைப் பல சர்வர்களில் வைத்து நடத்தும் தரவுத்தளத்துக்கு மூன்று குணங்களில் இரண்டுதான் வாய்க்கும், மூன்றாவதை விட்டே தீரவேண்டும் என்று கணினித் துறையில் ஏறத்தாழ கால் நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வருகிறது. முதல் குணம் முரணின்மை: எந்த நகலைக் கேட்டாலும் கடைசியாக எழுதப்பட்ட மதிப்பே வரவேண்டும். இரண்டாவது கிடைநிலை: கேட்டவருக்குப் பதில் கிடைத்தாகவேண்டும். மூன்றாவது பிளவு தாங்கல்: சர்வர்களுக்கு இடையிலான நெட்வொர்க் அறுந்தாலும் அமைப்பு இயங்கவேண்டும். இவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளான சி, ஏ, பி மூன்றையும் சேர்த்துக் கேப் தேற்றம் என்கிறார்கள். ஒரு முக்கோணம் வரைந்து, முனைக்கு ஓர் எழுத்தாக எழுதி, பக்கங்களில் சந்தையில் உள்ள தரவுத்தளங்களின் பெயர்களை ஒட்டிவிடுவது வழக்கம்.

இந்த விளக்கம் சரியா? தேற்றத்தின் மையக் கருத்தை மறுத்தவர்கள் அரிது. ஆனால் தேற்றம் வேறு, அதற்குச் சொல்லப்படும் விளக்கம் வேறு என்று பலரும் வாதிட்டிருக்கிறார்கள். விளக்கத்தைத் தொடங்கிவைத்தவரும் அவர்களில் ஒருவர். அந்த வாதங்கள் ஒரே திசையில் செல்லவில்லை. சிலர் மூன்றில் ஒன்று தேர்வுக்கே உரியதல்ல என்றார்கள். சிலர் மூன்று சொற்களின் வரையறையே நடைமுறைக்குப் பொருந்தவில்லை என்றார்கள். தேற்றம் சரிதான், ஆனால் உண்மையான பேரம் வேறிடத்தில் நடக்கிறது என்றவர்களும் உண்டு.

## ஊகத்துக்கு முந்தைய கதை

நகல்கள் பிரிந்துபோனால் என்ன செய்வது என்ற கேள்வி, கேப் ஒரு ஊகமாக முன்வைக்கப்பட்ட 2000இல் பிறந்ததல்ல. ஆர்பாநெட் காலத்திலேயே, 1975இல், பால் ஜான்சனும் ராபர்ட் தாமஸும் இரட்டிப்புத் தரவுத்தளங்களைப் பராமரிப்பது பற்றி ஒரு குறிப்பு எழுதினார்கள். நகல்கள் சிறிது நேரம் வேறுபட்டிருக்கலாம், நேரமுத்திரையைக் கொண்டு பின்னர் அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட வழி. 1985இல் சூசன் டேவிட்சன், ஹெக்டர் கார்சியா-மோலினா, டேல் ஸ்கீன் மூவரும் பிளவுண்ட நெட்வொர்க்குகளில் முரணின்மை பற்றி ஒரு விரிவான ஆய்வைத் தந்தார்கள். பிளவு நேரும்போது சரியான விடையும் கிடைநிலையும் ஒன்றோடொன்று மோதும் என்பது அதிலேயே தெளிவாக இருக்கிறது. தரவுத்தள ஆராய்ச்சியாளர்கள் பலருக்குக் கேப் தேற்றம் பழைய செய்தியாகத் தோன்றியதற்கு இதுவே காரணம்.

எரிக் புரூவர் அதை வேறொரு கூட்டத்திடம் கொண்டுபோனார். பெர்க்லியில் பேராசிரியராக இருந்த அவர் இங்க்டோமி தேடுபொறி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தேடுபொறியின் அட்டவணையில் ஒரு பகுதி அகப்படாவிட்டால், மீதியில் கிடைத்ததைக் காட்டிவிடலாம். பயனருக்குப் பெரிய நட்டமில்லை. வங்கிக் கணக்குக்கு வகுத்த கடுமையான விதிகளை இங்கேயும் திணிக்கவேண்டுமா என்பதுதான் அவர் கேள்வி. 2000 ஜூலையில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் நடந்த மாநாட்டு உரையில் மூன்றில் இரண்டு என்ற வடிவில் ஊகத்தை முன்வைத்தார்.

அதற்கு ஓராண்டு முன்பு அர்மாண்டோ ஃபாக்ஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதே கருத்தை அவர் இரண்டு வடிவங்களில் தந்திருந்தார். வலுவான வடிவம் மூன்றில் இரண்டு என்றது. மெலிந்த வடிவம், எந்த இரண்டு குணங்களுக்கு உறுதி கூடுகிறதோ அந்த அளவுக்கு மூன்றாவதன் உறுதி குறையும் என்றது. மெலிந்த வடிவம்தான் பொறியாளருக்குப் பயன்படுவது, ஏனென்றால் அதில் அளவு இருக்கிறது. மக்கள் மனத்தில் நின்றதோ வலுவான வடிவம். நேர்த்தியான முழக்கம் நுணுக்கமான வாக்கியத்தைத் தள்ளிவிட்டுப் போன கதை அறிவியலில் புதிதல்ல என்றாலும், இங்கே அதன் விளைவு நீண்டகாலம் நீடித்தது.

## 2002இல் நிறுவப்பட்டது எது?

எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002இல் புரூவரின் ஊகத்தை நிறுவினார்கள். நிறுவுவதற்கு முதலில் மூன்று சொற்களுக்கும் துல்லியமான பொருள் தரவேண்டியிருந்தது. பின்னால் எழுந்த குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த வரையறைகளைப் படிக்காமல் முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டதால் வந்தவை.

அவர்கள் வரையறையில் முரணின்மை என்பது, பல நகல்கள் இருந்தாலும் ஒரே நகல் மட்டும் இருப்பதுபோல வெளியே தெரிவது. ஒரு எழுத்து முடிந்தபின் தொடங்கும் எந்த வாசிப்பும் அதையோ அதற்குப் பிந்தையதையோதான் தரவேண்டும். மாரிஸ் ஹெர்லிஹியும் ஜேனட் விங்கும் 1990இல் லீனியரைசபிலிட்டி என்று பெயரிட்ட நடத்தை இது. தரவுத்தளப் பரிவர்த்தனைகளின் நான்கு உறுதிகளிலும் முரணின்மை என்றொரு சொல் வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கிடைநிலை என்பது, செயலிழக்காத எந்த சர்வருக்குப் போன கோரிக்கைக்கும் என்றேனும் பதில் வரவேண்டும் என்பது. பிளவு என்பது, சர்வர்களுக்கு இடையே அனுப்பிய செய்திகளை நெட்வொர்க் எத்தனை வேண்டுமானாலும் தொலைத்துவிடலாம் என்பது.

நிறுவல் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. இரண்டு சர்வர்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரு மாறியின் மதிப்பு 0. இடையிலுள்ள இணைப்பு முழுவதும் அறுந்துவிட்டது. ஒருவர் முதல் சர்வரில் 1 என்று எழுதுகிறார். கிடைநிலை வேண்டுமானால் அது எழுதியாயிற்று என்று பதில் சொல்லவேண்டும். இரண்டாவது சர்வருக்குச் செய்தி போய்ச் சேரும்வரை காத்திருக்க வழியில்லை. இதன்பின் வேறொருவர் இரண்டாவது சர்வரைக் கேட்கிறார். அதற்கும் பதில் சொல்லும் கடமை இருக்கிறது. அதற்குத் தெரிந்தது 0 மட்டும்தான், 1 எழுதப்பட்டதன் சுவடே அதை எட்டவில்லை. எனவே 0 என்கிறது, ஒற்றை நகல் நடத்தை உடைகிறது. காத்திருந்தால் கிடைநிலை போகிறது, பதில் சொன்னால் முரணின்மை போகிறது. நிறுவல் இவ்வளவுதான்.

இதில் நிறுவப்பட்டது, இணைப்பு அறுந்திருக்கும் வேளையில் இந்தக் கடுமையான முரணின்மையும் இந்தக் கடுமையான கிடைநிலையும் சேர்ந்து இருக்க முடியாது என்பது மட்டும். இணைப்பு நன்றாக இருக்கும்போது எதையும் விட்டுக்கொடுக்கவேண்டும் என்று தேற்றம் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றாவது கட்டாயம் கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. ஒரு அமைப்பு கவனக்குறைவாக இரண்டையும் இழக்கலாம். அதற்குத் தேற்றத்தில் தடை ஏதும் இல்லை.

## பிளவு ஒரு தேர்வா?

முக்கோணப் படத்தின் மீது எழுந்த முதல் பெரிய மறுப்பு இங்கிருந்து வந்தது. முரணின்மையும் கிடைநிலையும் அமைப்பைக் கட்டுபவர் தரும் உறுதிகள். பிளவோ அவருக்கு நேர்வது. வேகம், தரம், மலிவு மூன்றில் இரண்டைக் கேள் என்ற தையல்காரர் வேடிக்கையில் மூன்றும் ஒரே இனம், இங்கே அப்படியில்லை. பிளவு தாங்கலைக் கைவிடமுடியாது என்று கோடா ஹேல் 2010இல் தலைப்பிலேயே எழுதினார். நெட்வொர்க்கில் இணைந்த இரண்டு சர்வர்கள் இருந்தாலே பிளவு வரக்கூடும். அப்போது எதை விடுவது என்பதே கேள்வி. இந்த வாதத்தின்படி முக்கோணத்தின் ஒரு பக்கமான சிஏ என்ற வகையே வெறுமையானது. அந்த முத்திரை குத்திய அமைப்பு பிளவு வந்தால் என்ன செய்யும் என்று கேட்டால், ஒன்று நின்றுபோகும் அல்லது தவறான விடை தரும். அதாவது மற்ற இரண்டு வகைகளில் ஒன்றில் விழும், அல்லது எதிலுமே சேராது.

2012இல் புரூவரே தேற்றத்தின் பன்னிரண்டு ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது, மூன்றில் இரண்டு என்ற வாசகம் தவறாக வழிகாட்டுவது என்று ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது, பிளவுகள் அரிது என்பதால் மற்ற நேரத்தில் எதையும் இழக்கத் தேவையில்லை என்பது. பிளவைக் கண்டுபிடி, அந்த வேளையில் சில செயல்களை மட்டும் கட்டுப்படுத்து, இணைப்பு திரும்பியதும் விட்டதைச் சரிசெய் என்று மூன்று கட்டமாகச் சிந்திக்கச் சொன்னார். அவர் காட்டிய சான்று ஏ.டி.எம். எந்திரம். வங்கியோடு தொடர்பு அறுந்தாலும் எந்திரம் ஒரு வரம்புக்குள் பணம் தரும். இருப்புக்கு மேல் எடுத்துவிட்டால் பின்னால் கட்டணம் விதித்து ஈடுகட்டிக்கொள்ளும். முரணின்மைக்குப் பேர்போன துறையே நட்டத்துக்கு வரம்பு கட்டிவிட்டுக் கிடைநிலையைத் தேர்ந்தெடுக்கிறது.

மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் எதிர்த்திசையிலிருந்து வந்தார். 2010இல் அவர் முன்வைத்த வாதப்படி, நிரல் பிழை, நிர்வாகியின் தவறு, மொத்த மையமும் மூழ்கும் பேரிடர் போன்றவைதான் தரவுத்தளங்களை அடிக்கடி வீழ்த்துகின்றன. நகல் எண்ணிக்கை அவற்றைத் தடுக்காது. எப்போதோ வரும் பிளவுக்காக முரணின்மையை நிரந்தரமாகத் துறப்பது மோசமான பேரம். முரணின்மையைத் துறந்த தரவுத்தளங்களுக்குக் கேப் தேற்றம் சாக்காகப் பயன்பட்ட காலத்தில் இது தேவையான எச்சரிக்கை. ஆனால் பிளவுகள் எவ்வளவு அரிது என்பதில் அவர் கருத்து எல்லோராலும் ஏற்கப்படவில்லை. பீட்டர் பெய்லிஸும் கைல் கிங்ஸ்பரியும் 2014இல் பொதுவெளியில் பதிவான நெட்வொர்க் கோளாறுகளைத் தொகுத்து, பெரிய நிறுவனங்களிலும் அவை நடப்பதையும், சில நேரம் நீண்டு நிற்பதையும் காட்டினார்கள்.

## 43 விநாடிப் பிளவும் ஒரு நாள் சீர்குலைவும்

பிளவு சிறிதாக இருந்தால் பாதிப்பும் சிறிதாக இருக்கும் என்ற எண்ணத்தைச் சோதிக்கக் கிட்ஹப் நிறுவனம் 2018இல் வெளியிட்ட விரிவான அறிக்கை நல்ல இடம். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, உலகப் பொதுநேரப்படி இரவு 10:52க்கு, பழுதாகிவந்த ஒளியிழைச் சாதனம் ஒன்றை மாற்றும் வழக்கமான பராமரிப்பின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த முதன்மைத் தரவு மையத்துக்கும் அங்குள்ள நெட்வொர்க் முனையத்துக்கும் இடையே தொடர்பு 43 விநாடிகள் அறுந்தது. சேவை முழுமையாகச் சீரடைய 24 மணி 11 நிமிடங்கள் பிடித்தன.

இடையில் நடந்தது இதுதான். கிட்ஹப் தன் தரவுகளை மைஎஸ்க்யூஎல் தொகுப்புகளில் வைத்திருந்தது. ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு முதன்மை சர்வர் எழுத்துகளை வாங்கும், மற்றவை நகலெடுக்கும். எது முதன்மை என்பதை ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற தனி மென்பொருள் நிர்வகித்தது. அதன் பிரதிகள் ராஃப்ட் என்ற பெரும்பான்மை முறையில் தமக்குள் உடன்பாடு காணும். கிழக்கு மையம் காணாமல்போனதும், மேற்குக் கரையிலும் கிழக்கில் உள்ள பொது கிளவுடிலும் இருந்த பிரதிகளுக்குப் பெரும்பான்மை அமைந்தது. அவை விதிப்படி வேலை செய்து, மேற்குக் கரை சர்வர்களை முதன்மையாக உயர்த்தின.

ஆனால் இதற்கு முன்பே கிழக்கில் ஏற்கப்பட்ட சில எழுத்துகள் மேற்கை எட்டியிருக்கவில்லை. பரபரப்பான ஒரு தொகுப்பில் அப்படிச் சிக்கியவை 954. இணைப்பு திரும்பியபின் புதிய எழுத்துகள் மேற்கில் குவியத் தொடங்கின. பொறியாளர்கள் நிலைமையை முழுதாக உணரும்போது அங்கே ஏறத்தாழ 40 நிமிட எழுத்துகள் சேர்ந்திருந்தன. இரண்டு கரைகளிலும் மற்றதில் இல்லாத தரவு. கிழக்குக்குத் திரும்பினால் மேற்கின் 40 நிமிடம் போகும். மேற்கிலேயே இருந்தால், கிழக்கில் ஓடும் செயலிகள் ஒவ்வொரு வினவலுக்கும் கண்டத்தைக் கடந்து வரவேண்டும். அந்தத் தாமதத்தை அவை தாங்கவில்லை. பயனரின் தரவைக் காப்பதே முதலில் என்று முடிவெடுத்து, சில சேவைகளை நிறுத்திவைத்து, பல டெராபைட் காப்புநகல்களிலிருந்து கிழக்கு சர்வர்களை மீட்டெடுத்தார்கள்.

இந்த அமைப்பை முக்கோணத்தின் எந்தப் பக்கத்தில் ஒட்டுவது? முதன்மையைத் தேர்ந்தெடுத்த பகுதி முரணின்மையைப் பிசகாமல் காத்தது. நகலெடுத்த பகுதி எதிர்க்கரையின் ஒப்புதலுக்குக் காத்திராமல் எழுதியாயிற்று என்று சொன்னது. அது வேகத்துக்கான தேர்வு. தனித்தனியே இரண்டும் நியாயமானவை. சேர்ந்து இயங்கியபோது ஒற்றை நகல் நடத்தையும் போனது, ஒரு நாளுக்குச் சேவையும் சீர்குலைந்தது. பாகங்களுக்கு ஒட்டிய முத்திரைகளைக் கூட்டி முழு அமைப்பின் முத்திரையைப் பெறமுடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. நிறுவனம் பின்னர் அறிவித்த திருத்தங்களில் ஒன்று, ஆர்க்கெஸ்ட்ரேட்டர் முதன்மை சர்வரைப் பிராந்திய எல்லை தாண்டி உயர்த்தாதபடி கட்டுப்படுத்துவது. அடுத்தமுறை கிழக்கு மையம் அறுந்தால் தானியங்கி அவசரப்படாது. மாறாக எழுத்துகள் நிற்கலாம். அதாவது, பிளவின்போது எதை விடுவது என்பது அப்போதுதான் திட்டமிட்ட முடிவாகிறது.

## முத்திரைகள் பொருந்தாத இடங்கள்

மார்ட்டின் கிளெப்மன் 2015இல் எழுதிய விமர்சனம் வரையறைகளையே குறிவைத்தது. தேற்றத்தின் கிடைநிலையில் கால எல்லை இல்லை. ஒரு நாள் கழித்துப் பதில் வந்தாலும் வரையறை நிறைவடையும். செயலிழந்த சர்வர்கள் கணக்கில் வராததால், எல்லா சர்வரும் விழுந்துவிட்ட அமைப்பையும் சொல்லளவில் கிடைநிலை உடையது எனலாம். மறுபுறம், பெரும்பான்மைப் பக்கம் முழுவேகத்தில் இயங்க, வெட்டுண்ட ஒரே ஒரு சர்வர் மட்டும் பதில் மறுத்தால், கிடைநிலை இல்லை என்று தீர்ப்பாகிவிடும். வாடிக்கையாளர்கள் பெரும்பான்மைப் பக்கத்தை எட்ட முடிகிறதென்றால் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆண்டில் எத்தனை நிமிடம் சேவை நின்றது என்று எண்ணும் நடைமுறைக் கிடைநிலைக்கும் தேற்றத்தின் கிடைநிலைக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இந்த வரையறைகளைக் கண்டிப்பாகப் பிடித்தால் புகழ்பெற்ற முத்திரைகள் உதிர்ந்துவிடுகின்றன. ஜூகீப்பர் வழக்கமாகச் சிபி என்று அழைக்கப்படுகிறது. ஆனால் இயல்புநிலையில் அதன் வாசிப்புகள் இணைந்துள்ள சர்வரின் நகலிலிருந்தே வருகின்றன. அவை பழையதாக இருக்கலாம். புதிய மதிப்பு வேண்டுமென்றால் முதலில் `sync` அழைக்கவேண்டும். சிறுபான்மைப் பக்கத்தில் மாட்டிய சர்வர் எழுத்துகளை ஏற்காது, ஆகவே கிடைநிலையும் இல்லை. தேற்றத்தின் சொற்களில் அது இரண்டுமே அல்ல. ஆயினும் அது செய்ய வந்த வேலைக்கு அந்த உறுதிகள் போதும்.

ஏபி என்று அழைக்கப்படும் கசாண்ட்ராவிலோ தேர்வு தரவுத்தளத்தின் மட்டத்திலேயே இல்லை, ஒவ்வொரு வினவலிலும் இருக்கிறது. அதன் கட்டளைச் சாளரத்தில் இப்படி மாற்றிக்கொள்ளலாம்:

```
CONSISTENCY ONE
CONSISTENCY QUORUM
```

மூன்று நகல்கள் இருக்கையில், முதல் அமைப்பில் ஒரு நகல் பதில் சொன்னால் போதும். பிளவிலும் பெரும்பாலும் பதில் வரும், பழையதாக இருக்கக்கூடும். இரண்டாவதில் இரண்டு நகல்கள் பதில் சொல்லவேண்டும். எழுத்துக்கும் வாசிப்புக்கும் இதையே வைத்தால், வாசிப்புக்குப் பதில் சொல்லும் நகல்கள் R, எழுத்துக்குப் பதில் சொல்பவை W, மொத்த நகல்கள் N எனும்போது R + W > N என்ற விதிப்படி இரண்டுக்கும் பொதுவான ஒரு நகலாவது இருக்கும். ஆனால் தனித்து மாட்டிய ஒற்றை நகலைக் கேட்பவருக்குப் பிழைச்செய்திதான் கிடைக்கும். அப்போதும் ஒற்றை நகல் நடத்தைக்கு முழு உறுதி கிடையாது: மோதும் எழுத்துகளில் எது வெல்லும் என்பதை நேரமுத்திரை தீர்மானிக்கிறது, சர்வர்களின் கடிகாரங்கள் விலகினால் பிந்தையது தோற்றுப்போகலாம்.

முத்திரையை நம்பாமல் எப்படி அறிவது? கிங்ஸ்பரி 2013 முதல் நடத்திவரும் ஜெப்சன் சோதனைகள் ஒரு வழி காட்டுகின்றன. தரவுத்தளத்தை ஓடவிட்டு, சர்வர்களுக்கு இடையே நெட்வொர்க்கை வேண்டுமென்றே வெட்டி, எந்தக் கோரிக்கை எப்போது தொடங்கி எப்போது என்ன பதிலோடு முடிந்தது என்று குறித்துக்கொண்டு, அந்த வரலாறு ஒற்றை நகலால் விளைந்திருக்கக்கூடியதா என்று சரிபார்க்கிறார்கள். தயாரிப்பாளர் தந்த உறுதியைவிடக் குறைவாகவே பல தரவுத்தளங்கள் நடந்துகொண்டன என்பது இச்சோதனைகளின் தொடர்ந்த கண்டுபிடிப்பு. ஒரு வரம்பும் உண்டு: சோதனை பிழையைக் காட்டமுடியும், பிழையின்மையைக் காட்டமுடியாது.

## பேரம் நடப்பது தாமதத்திலா?

டேனியல் அபாடியின் மறுப்பு இன்னும் ஆழமானது என்பது என் கணிப்பு. கேப் தேற்றம் பிளவு வேளையை மட்டும் பேசுகிறது. ஆனால் பல தரவுத்தளங்கள் பிளவே இல்லாத நேரத்திலும் முரணின்மையைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன. ஏன்? விரைவுக்காக என்பது அவர் விடை. 2010இல் முன்வைத்து 2012இல் விரித்தெழுதிய அந்தக் கருத்துக்குப் பாஸ்-எல்க் என்று பெயர்: பிளவு இருந்தால் கிடைநிலைக்கும் முரணின்மைக்கும் இடையே தேர்வு, இல்லாதபோது தாமதத்துக்கும் முரணின்மைக்கும் இடையே தேர்வு.

அவர் காட்டிய சான்றுகளில் யாஹூவின் பிநட்ஸ் கூர்மையானது. அதில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முதன்மை இடம் உண்டு. சாதாரண நேரத்தில் அருகிலுள்ள நகலிலிருந்து பழைய மதிப்பைப் படிக்க அது அனுமதிக்கும். பிளவில் முதன்மை இடம் எட்டாமல்போனால் எழுத்தை ஏற்க மறுக்கும். பிளவின்போது கிடைநிலையை விடுகிறது என்று பார்த்தால் முரணின்மையைக் காப்பது. இயல்புநிலையில் முரணின்மையையும் தளர்த்துகிறது. கேப் முக்கோணத்தில் இது அறிவற்ற வடிவமைப்பாகத் தெரியும். தாமதத்தைக் கணக்கில் சேர்த்த பிறகே அதன் நியாயம் புலப்படும்.

இதன் அடியில் இயற்பியல் இருக்கிறது. ஒளியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அமெரிக்காவின் இரு கரைகளுக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் என்று கொண்டால், போய்வர மட்டுமே 40 மில்லிவிநாடி. ஒரு பக்கத்தைக் காட்ட ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து வினவல்கள் தேவைப்பட்டால் அது 400 ஆகிறது. பயனர் அதை உணர்வார். ஹகித் அத்தியாவும் ஜெனிஃபர் வெல்ச்சும் 1994இலேயே, கோளாறே இல்லாத நெட்வொர்க்கிலும் லீனியரைசபிலிட்டிக்கு வாசிப்பு, எழுத்து இரண்டிலும் காத்திருப்பு தேவை என்றும், அது செய்தித் தாமதத்தின் நிச்சயமின்மையைப் பொறுத்துக் கூடும் என்றும் நிறுவியிருந்தார்கள். கிட்ஹப்பின் 954 எழுத்துகளும் இந்தக் கணக்கில்தான் சிக்கின. எதிர்க்கரைக்காகக் காத்திருப்பதில்லை என்ற முடிவு பிளவு வருவதற்கு வெகுகாலம் முன்பு எடுக்கப்பட்டது.

பாஸ்-எல்க்கின் பலவீனம், அதுவும் முத்திரை குத்தும் முறையாகவே இருப்பது. ஒரே தரவுத்தளம் வினவலுக்கு வினவல் மாறினால் நான்கெழுத்து முத்திரையும் ஈரெழுத்து முத்திரையைப்போலவே திணறும். மேலும், பிளவையும் தாமதத்தையும் இரண்டு தனி நிலைகளாக அது பிரிக்கிறது. காத்திருக்கும் சர்வருக்கு அந்த வேறுபாடு தெரியாது. பதில் வரவில்லை என்பது மட்டுமே தெரியும். எத்தனை விநாடி கழித்து அதைப் பிளவு என்று அழைப்பது என்பது நிர்வாகி எழுதிவைத்த ஓர் எண்.

## கூகுள் ஸ்பேனர்: விதிவிலக்கா, வரையறை மாற்றமா?

2017இல் புரூவர், அப்போது கூகுளில் இருந்தவர், ஸ்பேனர் தரவுத்தளத்தைப் பற்றி எழுதியது விவாதத்தை மறுபடி கிளப்பியது. உலகெங்கும் நகல்கள் பரந்திருந்தும் ஸ்பேனர் முரணின்மையை உறுதிசெய்கிறது, கிடைநிலையோ 99.999 சதவீதத்துக்கு மேல், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 5 நிமிடத்துக்கும் குறைவான நிறுத்தம். இது சிஏ அமைப்பா? தூய இலக்கணப்படி இல்லை, அது சிபிதான், ஏனெனில் பிளவு வந்தால் முரணின்மையைக் காத்துக் கிடைநிலையை விடும். ஆனால் நடைமுறையில் சிஏ என்று கருதலாம் என்பது அவர் விடை. ஸ்பேனரில் பதிவான சம்பவங்களில் 7.6 சதவீதம் மட்டுமே நெட்வொர்க்கால் வந்தவை என்று உள்தரவைச் சான்றாகத் தந்தார்.

இந்த வாதம் தேற்றத்தை மீறவில்லை. பிளவே மற்றக் கோளாறுகளைவிட அரிதாகிவிட்டால் தேற்றம் குறிப்பிடும் இழப்பு மற்ற இழப்புகளுக்கிடையே மறைந்துவிடும் என்கிறது. ஒருவகையில் ஸ்டோன்பிரேக்கரின் பழைய வாதம் அளவுகளோடு திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. அந்த அரிதான நிலை, பல தனிப்பாதைகள் கொண்ட தன் சொந்த உலக நெட்வொர்க்கில் கூகுள் முதலிட்டதால் கிடைத்தது. வாடகை இணைப்பில் இரண்டு மையங்களை நடத்தும் நிறுவனத்துக்கு அந்த எண்கள் பொருந்தா. இரண்டாவது, இங்கே கிடைநிலை என்ற சொல் நிமிடக் கணக்குக்கு மாறிவிட்டது. வரையறையை மாற்றாமல் நடைமுறையில் சிஏ என்ற சொற்றொடர் நிற்காது. தாமதமும் மறையவில்லை: ஒவ்வொரு எழுத்தும் பெரும்பான்மை நகல்களின் ஒப்புதலுக்கும், கடிகாரப் பிழையின் அளவுக்கும் காத்திருந்துதான் முடிகிறது.

## இன்னும் தீராதவை

கையிலுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், மூன்றில் ஒன்றைக் கைவிடவேண்டும் என்ற விளக்கம் தேற்றத்தின் துல்லியமான மொழிபெயர்ப்பு அல்ல என்று சொல்வது பாதுகாப்பானது. பிளவைத் தேர்வாகக் காட்டுவதில் அது தவறுகிறது. இரண்டு எப்படியும் கிடைக்கும் என்ற தோற்றம் தருவதிலும் தவறுகிறது. பிளவின்போது சில சர்வர்கள் பதில் மறுக்கவேண்டும் அல்லது பழைய விடை தரவேண்டும் என்ற அதன் கரு மட்டும் நிற்கிறது. இதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை.

வேறுபாடு இருப்பது, விட்ட இடத்தில் எதை வைப்பது என்பதில். ஒரு பக்கம், கிடைநிலையை விடாமல் எவ்வளவு முரணின்மையைப் பெறலாம் என்று எல்லை வரையும் ஆராய்ச்சி. பிரின்ஸ் மகாஜன் குழுவினர் 2011இல், காரணகாரிய வரிசையைக் காக்கும் முரணின்மை வரை போகலாம் என்று காட்டினார்கள். பெய்லிஸ் குழுவினர் 2013இல், பரிவர்த்தனைகளின் உறுதிகளில் எவை பிளவிலும் தாக்குப்பிடிக்கும், எவை பிடிக்காது என்று பிரித்தார்கள். இந்த எல்லைகள் ஒவ்வொன்றும் தத்தம் அனுமானங்களுக்கு உட்பட்டவை. மறுபக்கம், பிளவு என்ற சொல்லையே விட்டுவிட்டு, ஒவ்வொரு செயலும் நெட்வொர்க் தாமதத்தை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்று அளக்கலாம் என்ற கிளெப்மனின் யோசனை. தர்க்கத்தில் அது தூய்மையானது, ஆனால் பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததாகச் சொல்லமுடியாது.

இவை எல்லாவற்றுக்கும் அப்பால், தேற்றத்தின் நிறுவல் கற்பனை செய்யும் பிளவு சுத்தமானது: இரண்டு பக்கம், நடுவே முழு மௌனம். வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 25 அமைப்புகளில் நேர்ந்த 136 பிளவுக் கோளாறுகளை ஆராய்ந்தபோது, அரைகுறைப் பிளவுகளையும் கண்டார்கள். முதல் சர்வரும் இரண்டாவதும் ஒன்றையொன்று காணாது, மூன்றாவது இரண்டையும் காணும். அங்கே யார் பெரும்பான்மை என்பதே சர்வருக்குச் சர்வர் மாறும். ஒரு பக்கம் மட்டும் செய்தி போகும் இணைப்புகளும் உண்டு. இப்படிப்பட்ட நிலையில் எந்த உறுதி குறைந்தபட்சம் சாத்தியம், அதற்கு என்ன விலை என்பதற்குக் கேப் அளவுக்குச் சுருக்கமான விடை இதுவரை எழுதப்படவில்லை.